அழித்த இடம் தெரிய வேண்டும்

செக்ரோல் புத்தகம் இருந்த காலத்தில் நம் பாட்டிமாருக்கு ஒரு கணக்கு தெரிந்திருந்தது. எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் கூட கணக்கப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, தங்கள் பேருக்கு நேரே மை கலைந்திருக்கிறதா, தாள் சுரண்டியிருக்கிறதா என்று கண்டுபிடித்துவிடுவார்கள். எண்ணை மாற்ற வேண்டியிருந்தால் பழைய எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் புதிய எண்ணை எழுதி, கையொப்பம் வைக்க வேண்டும். சுரண்டி எழுதியிருந்தால் பிரட்டுக்களத்தில் சண்டை வரும். அந்தக் கோடு நமக்கு ஒரு பாதுகாப்பாக இருந்தது. முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது, யார் மாற்றியது என்ற மூன்றும் ஒரே பார்வையில் தெரிந்தன.

இப்போது பல தோட்டங்களில் கொழுந்து நிறுப்பது மின் தராசில். கிலோ நேராகக் கந்தோர் கம்பியூட்டருக்குப் போகிறது. அங்கே எண் மாறினால் திரையில் புதிய எண் மட்டும்தான் தெரியும். மை கலையாது, தாள் சுரண்டப்படாது. அதைவிடப் பெரிய விடயம், அந்த எண்ணை மாற்றுவது பல நேரம் மனிதரே இல்லை. எல்லாரும் தூங்கும் நேரத்தில் தானாக ஓடும் ஒரு வேலை அதை மாற்றுகிறது. அந்த இரவு வேலை எதை மாற்றினாலும், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும், அதைத் தொழிலாளி கேட்டால் காட்ட வேண்டும் என்பதே எமது கோரிக்கை. ஏன் அப்படிக் கேட்கிறோம் என்பதை ஒரு தோட்டத்தில் நடந்ததை வைத்துச் சொல்கிறோம்.

இரவில் என்ன நடக்கிறது?

அந்தத் தோட்டத்தின் ஒரு டிவிசனில் 212 பேர் கொழுந்து எடுக்கிறார்கள். காலை, பகல், மாலை என்று மூன்று நிறுவை. ஒவ்வொரு நிறுவைக்கும் தராசில் இருந்து ஒரு சிறு துண்டு வரும். இரவு 11 மணிக்குக் கம்பியூட்டர் தானாக ஒரு வேலையைத் தொடங்கும். முதலில் ஒவ்வொருவரின் மூன்று நிறுவைகளையும் கூட்டும். அன்று ஈரக் கொழுந்து என்று வெளிக்கள உத்தியோகத்தர் குறித்திருந்தால் 100க்கு 10 வீதம் வெட்டும். எல்லாருக்கும் வெட்டி முடித்த பிறகு, அந்தத் தோட்டத்து அளவான 18 கிலோவோடு ஒப்பிடும். 18 வந்தால் முழுப்பேர், மேலே உள்ளது மேலதிகக் கிலோ. 18க்குக் கீழே போனால் அரைப்பேர்.

ஈரத்துக்கு வெட்டுவதும், அளவு குறைந்தால் அரைப்பேர் போடுவதும் சரியா என்பது வேறு சண்டை. அதை நாம் விட்டுவிடவில்லை. இங்கே பேசுவது, அவர்கள் சொல்லும் விதிப்படியே கூட கணக்கு சரியாக நடந்ததா என்பதைப் பற்றி மட்டும்.

2025 ஜூன் 11ஆம் திகதி மழை. இலக்கம் 87 உள்ள அக்கா அன்று எடுத்தது 7.4, 8.2, 5.6 கிலோ. கூட்டினால் 21.2. ஈரத்துக்கு 10 வீதம் வெட்டினால் 19.08. முழுப்பேர் கிடைத்து, ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடவும் மேலதிகம் வர வேண்டும். ஆனால் சம்பளத் துண்டில் அந்த நாளுக்கு 17.17 கிலோ, அரைப்பேர் என்று இருந்தது.

அந்த அக்கா நிறுவைத் துண்டுகளைப் பழைய பால்மா டின்னில் போட்டு வைத்திருந்தார். மூன்று துண்டையும் எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போனார்.

"ஐயா, மூணு துண்டையும் கூட்டினா இருபத்தியொரு கிலோவுக்கு மேல வருது. ஈரத்துக்கு வெட்டினாலும் பத்தொன்பது வரணும். அரைப்பேர் எப்பிடி வந்திச்சு?"

"கம்பியூட்டர்ல அப்பிடித்தான் இருக்கு அக்கா. நான் கைவைக்கல. நான் என்ன செய்ய?"

கிளாக்கர் பொய் சொல்லவில்லை. அவர் கை வைக்கவில்லைதான். தோட்டத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் போய்க் கேட்டபோது, இரவு வேலை சரியாக நடந்ததற்கு ஆதாரம் என்று திரையில் ஒரு வரியைக் காட்டினார்கள்:

```
run 482  OK  212 records
```

212 பேரின் கணக்கும் முடிந்தது, பிழை இல்லை என்பது இதன் பொருள். இந்த வரியைப் பார்த்துத்தான் பல இடங்களில் நம் ஆட்கள் திரும்பி வந்துவிடுகிறார்கள். இந்த வரி சொல்வது வேலை ஓடி முடிந்தது என்பதை மட்டும்தான். அது யாருடைய எண்ணை எதிலிருந்து எதற்கு மாற்றியது என்று ஒரு சொல்லும் இதில் இல்லை. லொறி தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தது என்று எழுதி வைத்தால், வழியில் எத்தனை மூடை இறங்கியது என்று தெரியுமா? அதுபோலத்தான் இதுவும்.

மூன்று வரியில் வெளிவந்த உண்மை

நல்ல காலமாக, அந்தக் கம்பியூட்டர் முறையைச் செய்து கொடுத்தவர்கள் மாற்றப் பதிவு ஒன்றையும் வைத்திருந்தார்கள். இரவு வேலை ஒரு எண்ணை மாற்றும்போதெல்லாம் அதில் ஒரு வரி விழும். கந்தோரில் ஒருவரும் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. சங்கம் விடாமல் கேட்டதால் தொழில்நுட்பத் தம்பி ஒருவர் வந்து திறந்தார். இலக்கம் 87க்கு இருந்தவை இவை:

```
06-11 23:02  run 481  0087  kilo  21.20 -> 19.08  WET10
06-12 05:10  run 482  0087  kilo  19.08 -> 17.17  WET10
06-12 05:13  run 482  0087  name  1 -> 0.5        NORM18
```

இதை இடமிருந்து வலமாக வாசிக்க வேண்டும். எந்த நாள் எந்த நேரம், எத்தனையாவது ஓட்டம், யாருடைய இலக்கம், எந்த எண் மாறியது, முன்பு என்ன, பின்பு என்ன, எந்த விதியால். WET10 என்பது ஈரத்துக்கு 10 வீதம். NORM18 என்பது 18 கிலோ அளவு.

முதல் இரண்டு வரியையும் பாருங்கள். ஈரத்துக்கு இரண்டு தடவை வெட்டியிருக்கிறது. இரவு 11 மணிக்கு ஒரு முறை, விடியக்காலை 5 மணிக்கு இன்னொரு முறை. அன்று இரவு 11 மணி தாண்டிச் சில நிமிடங்களில் கரண்ட் போனது லயத்தில் இருந்த எல்லாருக்கும் நினைவிருந்தது. அந்த நேரத்தில் கம்பியூட்டர் இலக்கம் 1இல் தொடங்கி 131 வரை வெட்டி முடித்திருந்தது. காலையில் கிளாக்கர் வந்து, வேலை பாதியில் நின்றிருப்பதைக் கண்டு, திரும்ப ஓடவிட்டார். அது நின்ற இடத்திலிருந்து தொடராமல் மறுபடி இலக்கம் 1இலிருந்து தொடங்கியது. 132 முதல் 212 வரை ஒரு வெட்டு. 1 முதல் 131 வரை இரண்டு வெட்டு.

கம்பியூட்டர் வேலைகளில் இது அடிக்கடி நடக்கும் பிழை. "இருப்பதில் 10 வீதம் வெட்டு" என்று மட்டும் சொல்லிக் கொடுத்த வேலை, எத்தனை தரம் ஓடினாலும் அத்தனை தரம் வெட்டும். ஏற்கனவே வெட்டியாயிற்றா என்று அது பார்ப்பதில்லை. இதில் ஒருவரும் திருடவில்லை. ஆனால் நட்டம் நமக்கு. அப்போது அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். அரைப்பேர் விழுந்தால் 675 ரூபாய் போகும். அந்த 675க்குச் சேர வேண்டிய ஊழியர் சேமலாப நிதியில் தோட்டத்தின் பங்கு 12 வீதம், அதாவது 81 ரூபாய், அதுவும் போகும். 131 பேரில் 38 பேருக்கு இப்படி அரைப்பேர் விழுந்திருந்தது. மற்றவர்களில் பலருக்கு மேலதிகக் கிலோ குறைந்திருந்தது. அவர்களுக்கு முழுப்பேர் இருந்ததால் அது கண்ணில் படவே இல்லை.

பழைய எண் ஏன் வேண்டும்?

பிழை நடந்தது தெரிந்ததும் கந்தோர் ஒரு வழி சொன்னது. "10 வீதம் கூட வெட்டிவிட்டது. எல்லாருக்கும் 10 வீதம் கூட்டிவிடுகிறோம், சரிதானே?" கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நம் ஆட்களில் சிலரும் தலையாட்டிவிட்டார்கள்.

தொழில்நுட்பத் தம்பிதான் தடுத்தார். வெட்டியது 19.08இல் 10 வீதம். கூட்டப்போவது அதைவிடச் சிறிய 17.17இல் 10 வீதம். கூட்டினால் 18.89தான் வரும். 19.08 வராது.

அந்த அக்காவுக்கு இதில் 200 கிராமுக்கும் குறைவாகத்தான் வித்தியாசம். ஆனால் அதே நாளில் 20.1 கிலோ எடுத்த இன்னொருவரின் கணக்கைப் பாருங்கள். ஒரு வெட்டோடு 18.09. முழுப்பேர். இரண்டாவது வெட்டில் 16.28. அதற்கு 10 வீதம் கூட்டினால் 17.91. 18க்குக் கீழே. திருத்தியதாகச் சொன்ன பிறகும் அவருக்கு அரைப்பேர்தான். "உனக்குத் திருத்தியாயிற்று, உன் கொழுந்து குறைவு" என்று அவரைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மாற்றப் பதிவில் பழைய எண் இருந்ததால் யாரும் கணக்குப் போட்டு ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது வெட்டுக்கு முன்பு ஒவ்வொருவருக்கும் என்ன இருந்ததோ அதையே எடுத்து வைத்தார்கள். புதிய எண்ணை மட்டும் எழுதும் பதிவும் சில இடங்களில் உண்டு. அது இருந்தும் இல்லாத மாதிரிதான். மாறிய பிறகு என்ன என்பது ஏற்கனவே சம்பளத் துண்டில் இருக்கிறது. நமக்குத் தேவை மாறுவதற்கு முன்பு என்ன என்பது.

இன்னொன்றையும் அவர் செய்தார். பிழையான வரிகளை அழிக்கவில்லை. அவற்றுக்குக் கீழே புதிய வரியாகத் திருத்தத்தைப் போட்டார்:

```
07-14 10:35  FIX  0087  kilo  17.17 -> 19.08
07-14 10:35  FIX  0087  name  0.5 -> 1
```

செக்ரோலில் ஒற்றைக் கோடு இழுத்து எழுதியதும் இதுவும் ஒன்றுதான். பிழையும் தெரிகிறது, திருத்தமும் தெரிகிறது. நாளைக்குத் தொழில் திணைக்களத்தில் இருந்து ஒருவர் வந்து பார்த்தாலும் நடந்த கதை அப்படியே இருக்கும்.

பதிவு இருந்தும் பயனில்லாமல் போவது எப்படி?

அந்தத் தோட்டத்தில் இன்னொரு ஆபத்து மயிரிழையில் தப்பியது. மாற்றப் பதிவு 30 நாளைக்குத்தான் வைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு கம்பியூட்டர் தானாக அழித்துவிடும். ஜூன் மாதச் சம்பளத் துண்டு நம் கைக்கு வருவது ஜூலை 10. அன்றைக்கு ஜூன் 11இன் பதிவு அழியும் தறுவாயில் இருந்தது. துண்டு வந்த அன்றே சங்கம் போய்ப் பிரதி எடுக்கச் சொன்னதால் கிடைத்தது. ஜூன் 1ஆம் திகதியில் பிழை நடந்திருந்தால், துண்டு கைக்கு வருமுன்னே ஆதாரம் அழிந்திருக்கும். பிழை இருக்கிறது என்று தெரிய வருமுன்னே அழிந்துபோகும் பதிவால் யாருக்கு இலாபம்?

அடுத்தது, பதிவு யார் கையில் இருக்கிறது என்பது. பிரித்தானியாவில் அஞ்சல் நிலையங்களை நடத்திய சிறு முகவர்களுக்கு நடந்ததைத் தோழர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹொரைசன் என்ற கம்பியூட்டர் கணக்கு முறை, அவர்களிடம் பணம் குறைகிறது என்று காட்டியது. 1999 முதல் 2015 வரை நூற்றுக்கணக்கானவர்கள் திருடர்கள் என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்கே போனார்கள். அந்த முறையில் பிழைகள் இருந்தன என்றும், அதைச் செய்த புஜிட்சு நிறுவனத்தின் ஆட்கள் தூரத்திலிருந்தே முகவர்களின் கணக்கை மாற்ற முடிந்தது என்றும் 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விரிவான பதிவு நிறுவனத்திடம் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களால்தான் அதைத் தாங்களே திறந்து பார்க்க முடியவில்லை. 2024இல் சட்டம் கொண்டுவந்து அந்தத் தண்டனைகளை ரத்துச் செய்ய வேண்டி வந்தது. படித்தவர்கள், கடை நடத்தியவர்கள், அவர்களுக்கே அந்தக் கதி.

மூன்றாவதாக, பதிவால் முடியாததையும் நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஈரத்துக்கு வெட்டினார்கள் என்று பதிவு சொல்லும். அன்று உண்மையில் மழை பெய்ததா என்று அதற்குத் தெரியாது. வெயில் அடித்த நாளில் உத்தியோகத்தர் ஈரம் என்று குறித்தாலும் பதிவில் WET10 என்றுதான் விழும். தராசே குறைத்து நிறுத்தால், பதிவின் முதல் எண்ணே பிழையாகத்தான் இருக்கும். பதிவு தொடங்குவது தராசு கொடுத்த எண்ணிலிருந்து. அதற்கு முன்பு நடந்ததற்குச் சாட்சி நம் கண்ணும் நம் கையில் உள்ள துண்டும்தான்.

நாமே கண்டுபிடிக்கும் வழி

இதற்குக் கம்பியூட்டர் தெரிய வேண்டியதில்லை. நிறுவைத் துண்டுகளை எறியாதீர்கள். துண்டு தராத இடத்தில் ஒரு சிறு கொப்பியில் மூன்று நிறுவையையும் அன்றன்றே எழுதுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் கூட்டித் தருவார்கள். மாத முடிவில் சம்பளத் துண்டோடு ஒப்பிடுங்கள்.

ஒரு நாள் மட்டும் குறைந்தால், அதே நாளில் பக்கத்து நிரையில் எடுத்தவர்களுக்கும் குறைந்ததா என்று கேளுங்கள். ஒருவருக்கு மட்டும் என்றால் எண்ணைத் தட்டியதில் பிழை இருக்கலாம். பலருக்கு ஒரே வீதத்தில் குறைந்தால் அது இரவு வேலையின் பிழை. 10 வீத வெட்டு இரண்டு தடவை விழுந்தால் மொத்தக் குறைவு 20 வீதம் வராது, 19 வீதம் வரும். 21.2இல் 4.03 போனதைப் பாருங்கள், அது 19 வீதம். யாருக்குக் குறைந்தது, யாருக்குக் குறையவில்லை என்று இலக்கப்படி எழுதினால், எந்த இடத்தில் வேலை நின்றது என்பதும் தெரிந்துவிடும். 131க்கு மேல் ஒருவருக்கும் குறையவில்லை என்பதை, அந்தப் பதிவைத் திறக்கு முன்னமே அங்கிருந்த மாதர் சங்கத் தலைவி தன் கொப்பியில் கண்டிருந்தார்.

நாம் கேட்பது

கம்பியூட்டர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மின் தராசு வந்த பிறகு, நிறுக்கும் இடத்தில் கண் பார்வைக்குக் கிலோவைக் குறைக்கும் பழைய வழக்கம் சில இடங்களில் நின்றிருக்கிறது. அது நல்லது. இரவு வேலை இருக்கட்டும். ஆனால் தோட்ட நிர்வாகத்தோடு பேசும்போது தலைவர்கள் இவற்றை எழுத்தில் கேட்க வேண்டும்.

தராசு கொடுத்த முதல் எண்ணை எந்த வேலையும் மாற்றக் கூடாது. வெட்டுவதும் கூட்டுவதும் தனித்தனி வரிகளாக, பழைய எண்ணோடும் புதிய எண்ணோடும் விதியின் பெயரோடும் விழ வேண்டும். மனிதர் கையால் மாற்றினாலும் அதே பதிவில், மாற்றியவரின் பெயரோடு விழ வேண்டும். ஒரே நாளுக்கு, ஒரே ஆளுக்கு, ஒரே விதி இரண்டாம் தரம் ஓடாமல் தடுக்க வேண்டும். பதிவைச் சம்பளம் கொடுத்து ஒரு வருடத்துக்காவது வைக்க வேண்டும். பிணக்கு இருந்தால் அது முடியும்வரை வைக்க வேண்டும். கணக்கை மாற்றக்கூடியவரால் பதிவை அழிக்க முடியக் கூடாது. தொழிலாளி கேட்டால் தன் இலக்கத்துக்குரிய வரிகளைத் தாளில் தமிழில் விளக்கத்தோடு பெற வேண்டும். மற்றவரின் வரிகள் அவருக்குத் தேவையில்லை. பலருக்குப் பிழை என்றால் அவர்களின் சம்மதத்தோடு சங்கம் பார்க்க வேண்டும்.

இதற்குச் செலவாகும், கம்பியூட்டரில் இடம் போதாது என்று சொல்வார்கள். 212 பேருக்கு ஒரு நாளைக்கு மும்மூன்று வரி, மாதம் 25 நாள் வேலை என்று வைத்தால் 15,900 வரி. அது முழுவதும் கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்தின் இடத்துக்குள் அடங்கிவிடும். வருடத்துக்கு 12 படம். ஒரு கல்யாண வீட்டில் நம் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் அதைவிடக் கூட எடுப்பார்கள்.

அந்தத் தோட்டத்தில் 38 பேருக்கும் அரைப்பேர் முழுப்பேராகி, குறைந்த காசும் அதற்கான சேமலாப நிதியும் அடுத்த சம்பளத்தோடு வந்தன. மேலதிகக் கிலோ குறைந்தவர்களுக்கும் வந்தது. அவர்களில் பலருக்குத் தங்களுக்கு நட்டம் நடந்ததே அன்றுதான் தெரிந்தது. இலக்கம் 87 அக்கா இப்போதும் பால்மா டின்னில்தான் துண்டுகளைப் போட்டு வைக்கிறார். பதிவு வந்துவிட்டதே, இனி எதற்கு என்று கேட்டதற்கு, "அது அவங்க எழுதுறது, இது என்கிட்ட இருக்கிறது" என்றார். இரண்டும் வேண்டும் என்பதே எமது கருத்தும்.